பாலிசி முடியுது, கட்டடம் முடியலை

“கட்டட வேலைக்காக 18 மாசத்துக்கு எடுத்த கான்ட்ராக்டர் ஆல் ரிஸ்க் காப்பீட்டு பாலிசி இன்னும் 3 வாரத்துல முடியுது. வேலை முடிய 4 மாசம் ஆகும். பாலிசி முடிஞ்சப்புறம் புதுப்பிச்சுக்கலாமா?”

காத்திருக்காதீங்க. காலாவதி ஆகுறதுக்கு முன்னாடியே நீட்டிப்பு ஒப்புதல் எழுத்துல கையில இருக்கணும். நடுவுல ஒரு வாரம் விட்டுப்போய், அந்த வாரம் மழைல சாரம் சரிஞ்சா, இழப்பு முழுக்க உங்க தலைலதான். கடைசிக் கட்டத்துல தளத்துல நிக்குற மதிப்பும் அதிகம், அதனால கம்பெனி கேள்வி கேட்கத்தான் செய்யும்.

நீட்டிப்பு கேட்டு கம்பெனிக்கு எழுதுற கடிதத்துல “தாமதம்”னு மட்டும் எழுதாம, காரணம், இதுவரை முடிஞ்ச சதவீதம், பாக்கி வேலை, திருத்திய அட்டவணை எல்லாம் வைங்க. வேலை நின்னுபோன நாட்கள் இருந்தா மறைக்காதீங்க. பின்னாடி கிளெய்ம்ல அதுதான் முதல்ல கிளம்பும். 4 மாசம்னு தோணினா 5 கேளுங்க, ரெண்டாவது தடவை கேட்கிறது சங்கடம்.

இன்னொண்ணு, பலரும் விடுறது: காப்பீட்டுத் தொகை. ஒப்பந்த மதிப்பு 100லிருந்து 120 ஆயிருந்தும் பாலிசி 100லேயே நின்னா, தொகை குறைவா இருந்தா கிளெய்மையும் அதே விகிதத்துல குறைக்கிற விகிதக் கழிவு விதி உள்ள பாலிசில 12 நஷ்டத்துக்கு 10தான் வரும், அதுலயும் ஒவ்வொரு கிளெய்ம்லயும் நீங்களே ஏத்துக்கிற பங்குத் தொகை கழியும். தேதியோட தொகையையும் சேர்த்தே திருத்தச் சொல்லுங்க.

ஏதாவது மாடியை ஏற்கனவே ஒப்படைச்சு ஆள் குடியேறியாச்சா? அதையும் கடிதத்துல சொல்லுங்க, பயன்பாட்டுக்கு வந்த பகுதிக்குப் பொதுவா இந்தப் பாலிசி நிக்காது.