ஏக்கருக்கு 6 மணி நேரம், ஆனாலும் கடைமடை வயல் நிறையவில்லை

"திருத்துறைப்பூண்டிப் பக்கம். 24 ஏக்கருக்கு ஒரே வாய்க்கால், 6 நாள் முறை. கடைமடையில் எனக்கு 4 ஏக்கர். முதல் முறையே என்னுடையது, 24 மணி நேரம். ஆனாலும் வயல் நிறையவில்லை. நேரம் சமம்தானே என்கிறார்கள்."

தலைமதகைத் திறந்ததும் உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது, அதுதான் கோளாறு. மேலே அடைத்திருந்த நாட்களில் காய்ந்து வெடித்த வாய்க்கால் முதலில் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். தண்ணீர் உங்கள் மடைக்கு வர எவ்வளவு நேரம் என்று ஒருமுறை கரையோடு நடந்து பாருங்கள். 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நட்டம் உங்கள் ஒருவர் தலையில் விழக் கூடாது, பொதுக் கணக்கில் கழிய வேண்டும்.

ஆனால் உங்கள் முறை முடிந்து மேலே அடைத்த பிறகும் வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் உங்களுக்குத்தான் வடியும். தலைமடைக்காரர் இதைக் கட்டாயம் கேட்பார், கேட்பதும் நியாயம். வடிதண்ணீர் 2 மணி நேரப் பாய்ச்சலுக்குச் சமம் என்றால் 6 நாளின் 144 மணியில் 6 கழித்து 2 கூட்டுங்கள். 140 மணி, ஏக்கருக்கு 5 மணி 50 நிமிடம். உங்கள் பங்கு 23 மணி 20 நிமிடம். அதில் வடிதண்ணீர் போக, மடையில் தண்ணீர் ஏறியதிலிருந்து 21 மணி 20 நிமிடம் பாய வேண்டும். இப்போது கிடைப்பது வடிதண்ணீரையும் சேர்த்து 20 மணிதான். மற்றவர்களுக்கு ஏக்கருக்கு 10 நிமிடம்தான் குறைகிறது.

அப்புறமும் நிறையாவிட்டால் நண்டு வளைகளைத் தேடுங்கள். கரைக்கு வெளிப்புறம் ஈரம் கசியும் இடத்தில் மிதித்தால் கால் உள்வாங்கும். அந்த ஒழுகலை எந்த முறைக் கணக்காலும் ஈடுகட்ட முடியாது.