ப்ரேக் முடிஞ்சு திரும்ப வர்ற ஜாவா பொண்ணுங்களுக்கு: கேள்வி பதில்

அக்கா, ஜாவா ஸ்ப்ரிங் பூட்ல 6 வருஷம், 2022 மார்ச்ல ரிசைன் பண்ணேன், பாப்பாவுக்கு 3 வயசாச்சு. எந்த கோர்ஸ் சேரட்டும்?

கோர்ஸுக்கு காசு கட்டாதம்மா. நீ விட்டப்போ ஜாவா 8, பூட் 2னு தானே ஓடிட்டிருந்துச்சு? அந்த வருஷம் நவம்பர்லயே பூட் 3 வந்துருச்சு, அதுக்கு குறைஞ்சது ஜாவா 17 வேணும். பழைய சின்ன ப்ராஜெக்ட் ஒண்ணை எடுத்து நீயே பூட் 3க்கு மாத்து. இம்போர்ட் பாதி சிவப்பா நிக்கும்:

```java
import javax.persistence.Entity;
import jakarta.persistence.Entity;
```

மேல இருக்கறது பழசு, கீழ புதுசு. ஆனா கண்ணை மூடிட்டு எல்லாத்தையும் மாத்தினா `javax.sql`லயும் கை வெச்சுருவ, அது ஜேடிகேவோடது, அப்படியே தான் இருக்கணும். அப்புறம் செக்யூரிட்டில `WebSecurityConfigurerAdapter` இருக்காது, `SecurityFilterChain` பீன் எழுதணும். நான் இன்டர்வியூ எடுக்கறப்போ சர்டிஃபிகேட் கேக்கறதில்ல, எங்க உடைஞ்சுது எப்படி சரி பண்ணேன்னு தான் கேப்பேன்.

நான் 26 வாரம் லீவ் முடிச்சு அதே கம்பெனில தான் இருக்கேன், இப்ப மாறணும். ரெஸ்யூம்ல அதை கேப்னு காட்டணுமா?

வேணாம். லீவ்லயும் நீங்க அங்க எம்ப்ளாயி தானே, அது கேப்பே இல்ல. தேதியை ஒரே ஓட்டமா போடுங்க.

ஃப்ரீலான்ஸ்னு போட்டு கேப்பை மூடிடலாம், மாசத்தை எடுத்துட்டு வருஷம் மட்டும் போட்டா தெரியாதுன்னு என் ஃப்ரெண்ட் சொல்றாளே?

நெஜமாவே காசு வாங்கி வேலை செஞ்சிருந்தா தாராளமா போடலாம், அதுவரைக்கும் அவ சொல்றது சரி. செய்யலைன்னா மாட்டுவீங்க, பேக்ரவுண்ட் செக்ல பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி கேக்கறாங்க, அதுல சேர்ந்த தேதி விட்ட தேதி ரெண்டும் இருக்கும். அனுபவம் பகுதில மேலயே ஒரு என்ட்ரி போதும்: "ஏப்ரல் 2022 முதல், கெரியர் ப்ரேக், குழந்தை வளர்ப்பு. பூட் 2 ப்ராஜெக்ட்டை பூட் 3க்கு மாத்தினேன்", கீழ கிட்ஹப் லிங்க். பிரசவக் கதை எதுவும் வேணாம்.

குழந்தைன்னு எழுதினப்போ ஒரு கால் கூட வரல மேடம், "பர்சனல்"னு மாத்தினப்புறம் தான் வந்துச்சு. நீங்க சொல்றது எனக்கு ஒத்துவரல.

இருக்கலாம்பா, மொத வடிகட்டறது நான் இல்லையே, ஹெச்ஆர். "பர்சனல்"னு பார்த்தா நான் உடம்பு சரியில்லையோ, வேலைய விட்டு தூக்கிட்டாங்களோன்னு யோசிப்பேன். சும்மா "கெரியர் ப்ரேக்"னு மட்டும் போட்டு கேட்டா சொல்றவங்களும் இருக்காங்க. குழந்தை வளர்ப்புன்னு ஒண்ணு, சும்மா கெரியர் ப்ரேக்னு ஒண்ணு, ரெண்டு வெர்ஷனையும் அனுப்பி பாருங்க, ரெண்டுமே பொய் இல்ல.

மேல "சவாலான வேலையை நாடுகிறேன்"னு அப்ஜெக்டிவ் இருக்கு, அது ஓகேவா?

தூக்கிடுங்க, அது ஃப்ரெஷர் போடறது. மூணு வரி சம்மரி போதும். மொத கேள்வி கேட்ட பொண்ணுக்குன்னா இப்படி எழுதுவேன்: "ஜாவா பேக்எண்ட் டெவலப்பர், 6 வருஷ அனுபவம், ரெஸ்ட் ஏபிஐ. இப்போ ஜாவா 17, ஸ்ப்ரிங் பூட் 3. உடனே சேரலாம்." 6 வருஷத்தை 9னு ஆக்கிடாதீங்க, ப்ரேக் அனுபவத்துல சேராது. "தாயாகி மீண்டும் வருகிறேன்"னு ஆரம்பிக்கறதும் வேணாம், ப்ரேக் கீழ இருக்கே. கடைசி வரி தான் நம்ம துருப்புச்சீட்டு, மத்தவங்க எல்லாம் 90 நாள் நோட்டீஸ்ல மாட்டிட்டு இருப்பாங்க.

நான் மேனுவல் டெஸ்டிங், நானும் ஜாவா 17 படிக்கணுமா?

ஐயோ இல்ல, அது அவங்களுக்கு சொன்னது. உங்க பழைய டெஸ்ட் கேஸ்ல பத்து எடுத்து செலினியம்ல ஓட வைங்க, மொத கேள்வியா அதைத்தான் கேப்பாங்க.