சோக நேரத்தில் விளம்பரம்: நிறுத்துவதா, மாற்றுவதா?

"எங்கள் கொண்டாட்ட விளம்பரம் நாளை போக வேண்டும். இன்று பெரிய விபத்து நடந்திருக்கிறது. நிறுத்தணுமா, வார்த்தையை மாற்றினால் போதுமா?"

நிறுத்துவது என்றால் அனுப்பும் தேதியைத் தள்ளுவது. மாற்றுவது என்றால் தகவலை வைத்துக்கொண்டு தொனியை மட்டும் இறக்குவது. விளம்பரத்தின் சொல்லோ படமோ அந்தத் துயரத்தையே நினைவூட்டினால் நிறுத்துங்கள். உற்சாகம் மட்டுமே உறுத்துகிறது, தகவல் இப்போதே தேவை என்றால் (பணம் கட்டக் கடைசி நாள் போல) மாற்றலாம். மற்றதெல்லாம் சில நாள் காத்திருக்கும்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயலால் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அப்போது பயணிகளுக்குத் தங்கும் வீடுகளை வாடகைக்கு ஏற்பாடு செய்யும் ஏர்பிஎன்பி நிறுவனம் மிதக்கும் வீடுகளைப் பற்றி ஒரு குதூகலமான மின்னஞ்சல் அனுப்பி, பிறகு மன்னிப்புக் கேட்டது. அதில் எந்த வரியைத் திருத்தியிருக்க முடியும்? தண்ணீரில் மிதப்பதுதானே அதன் கருவே! அதை நிறுத்தியிருக்கத்தான் வேண்டும்.

எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. விளம்பரத்தைப் பெரும்பாலும் முன்கூட்டியே எழுதி, தானாகப் போகும்படி வைத்துவிடுகிறோம். வாசிப்பவர் அன்றைய மனநிலையில் வாசிக்கிறார். துக்க வீட்டு வாசலைக் கடக்கும் மேளத்தை யாரும் இதமாகக் கேட்பதில்லை, அது நேற்றே பேசி வைத்த மேளமாக இருந்தாலும். அதனால் செய்தி வந்ததும் முதலில் வரிசையில் காத்திருக்கும் எல்லாப் பதிவுகளையும் நிறுத்திவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

மேலே ஒரு அனுதாப வரி சேர்த்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கீழே தள்ளுபடி இருக்கும்வரை அந்த வரியும் விற்பனைக்காகவே எழுதியதாகத்தான் படும்.