முட்டைக்கு 8 ரூபா கூட்டி பேக்கரிக்குக் கடிதம் எழுதலாமா?

கேள்வி: ஐயா, மாங்குளத்தில் 500 லேயர் கோழி வைத்திருக்கிறேன். தீன் கிலோ 180 ரூபாவிலிருந்து 200 ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு 58 கிலோ போடுகிறேன், அது மாறவில்லை. ஆனால் முந்தி 450 முட்டை வந்தது, இப்ப 375தான். முட்டைக்கு 8 ரூபா கூட்டினால்தான் கட்டும். நாலு வருசமாக என்னிடம் எடுக்கிற பேக்கரி அண்ணைக்குத் தீன் விலையைச் சொல்லிக் கடிதம் எழுதலாமா?

பதில்: எழுதுங்கோ தம்பி, ஆனால் 8 ரூபா கேட்டு எழுத வேண்டாம். 450 முட்டை வந்த காலத்தில் ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 130 கிராம் தீன் போனது. தீன் விலை கிலோவுக்கு 20 ரூபா ஏறியதால் முட்டைக்குக் கூடியது 2 ரூபா 60 சதம் மட்டும்தான், மிச்சம் 5 ரூபாச் சொச்சமும் முட்டை குறைந்ததால் வந்த செலவு. அதைத் தீன் விலை என்று அவரிடம் சொன்னால், நாளைக்கு அவரே தீன் கடையில் விசாரித்துக் கணக்குப் பார்ப்பார்.

முட்டை ஏன் குறைந்தது? கச்சான் காத்து வெக்கை என்றால் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தண்ணீர் கூடக் குடிக்கும், தீனும் குறைத்துத் தின்னும். உங்கள் கோழிகள் அதே 58 கிலோவைத் தின்கின்றன, அதனால் எனக்கு வயதில்தான் சந்தேகம். 80 வாரம் கடந்திருந்தால் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கோ: கொண்டை சுருங்கி வெளிறி, பின்பக்க இடுப்பெலும்புகளுக்கு நடுவில் ஒரு விரல்கூட நுழையாவிட்டால் அது முட்டையை நிறுத்திவிட்டது. அப்படி 60 கோழி இருந்தாலே நாளுக்கு 7 கிலோ, அதாவது 1400 ரூபாத் தீன் சும்மா போகிறது. அவற்றை இறைச்சிக்குக் கொடுத்துவிடுங்கோ. மற்றவற்றை ஒரேயடியாக மாற்றாமல் பாதி பாதியாக மாற்றினால் பேக்கரிக்கு முட்டை தடைப்படாது.

கடிதம் இவ்வளவு போதும்:

"அண்ணை, வணக்கம். வாற மாதம் 1ஆம் திகதியிலிருந்து முட்டைக்கு 2 ரூபா 50 சதம், 30 முட்டைத் தட்டுக்கு 75 ரூபா கூட்ட வேண்டியிருக்கிறது. வழமையாக ஒரு முட்டைக்கு 130 கிராம் தீன் போகும், தீன் கிலோவுக்கு 20 ரூபா ஏறியிருக்கிறது. பழைய பில்லும் புதுப் பில்லும் இத்தோடு வைத்திருக்கிறேன். தீன் விலை இறங்கினால் இதே கணக்கில் முட்டை விலையையும் இறக்குவேன். எனக்கு இப்ப முட்டை கொஞ்சம் குறைவு, ஆனால் உங்களுக்குக் கொடுக்கிற தட்டுகளில் குறைக்க மாட்டேன்."

இதை முட்டை இறக்குகிற ஆளிடம் கொடுத்துவிடாமல், இரண்டு கிழமைக்கு முன்னமே, பாண் போட்டு முடித்து அவர் ஓய்வாக இருக்கிற நேரத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கோ. கேக் ஓடருக்குப் பழைய முட்டை விலையில் கணக்குப் போட்டு அவர் முற்பணம் வாங்கியிருந்தால், அந்த ஓடருக்கு மட்டும் பழைய விலைக்கே கொடுத்துவிடுங்கோ.