'இல்லை' அம்பு எங்கே போய்ச் சேருகிறது? பாய்ச்சற் கோட்டுப்படம் திருத்துவது பற்றி ஒரு கேள்வி பதில்

கொழும்பில் தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள் கட்டுகள் வீட்டு மேசைக்கு வந்துவிட்டன. தகவல் தொழினுட்பப் பாடம் படிப்பிக்கிறவன் என்பதால் பாய்ச்சற் கோட்டுப்படம், அதாவது ஒரு வேலையின் படிகளைப் பெட்டிகளாலும் அம்புகளாலும் காட்டும் படம், திருத்துவது பற்றி என்னிடம் வந்த கேள்விகள் இவை.

வெள்ளவத்தை, புதிய ஆசிரியை: "சேர், ஐந்து நேர் எண்களை வாசித்து மிகப் பெரியதைக் காட்டச் சொன்ன வினா. ஒரு பிள்ளையின் படத்தில் 2, 4, 6, 8, 10 போட்டுப் பார்த்தேன், 10 சரியாக வருகிறது. பக்கத்து மேசை மிஸ் பிழை என்கிறா. படம் அனுப்பியிருக்கிறேன்."

படம் பார்த்தேன். பக்கத்து மேசை மிஸ் சொன்னதுதான் சரி. பிள்ளை பெட்டிகளை இந்த ஒழுங்கில் கீறியிருக்கிறது:

```
max = 0
count = 1
input n
n > max ?
max = n
count = count + 1
count > 5 ?
output max
```

பெட்டிகளில் ஒரு பிழையும் இல்லை. `n > max ?` என்ற முதல் சாய்சதுரத்திலிருந்து வலப்பக்கம் போகிற 'இல்லை' கோட்டை மட்டும் பாருங்கள். அது மேலே ஏறி நேரே `input n` பெட்டிக்குப் போகிறது. வழியில் `count = count + 1` அதற்கு அகப்படவே இல்லை. அப்படியென்றால் புதிய பெரிய எண் வரும்போது மட்டும்தான் எண்ணிக்கை கூடும்.

நீங்கள் போட்ட எண்கள் ஏறுவரிசையில் இருந்தன. ஒவ்வொரு எண்ணும் முந்தியதை விடப் பெரிது. அதனால் ஐந்து தடவையும் 'ஆம்' வழியே போய், count 6 ஆகி, ஒழுங்காக வெளியே வந்துவிட்டது. 'இல்லை' கோட்டில் நீங்கள் ஒருமுறைகூடக் கால் வைக்கவில்லை.

இப்போது 7, 3, 9, 4, 12 போடுங்கள். 7 வந்ததும் count 2. 3 வந்தால் 'இல்லை', திரும்ப வாசிப்புக்கு, count இன்னும் 2. 9 வந்ததும் 3. 4 வந்தால் அப்படியே. 12 வந்ததும் 4. ஐந்து எண்ணும் முடிந்தும் படம் ஆறாவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. 12 என்ற விடை max இல் இருக்கிறது, ஆனால் வெளியே வர வழியில்லை.

'இல்லை' கோடு சேர வேண்டிய இடம் `max = n` பெட்டிக்குக் கீழே, `count = count + 1` பெட்டிக்கு மேலே. 'ஆம்' என்றாலும் 'இல்லை' என்றாலும் ஓர் எண் வாசித்தாகிவிட்டது, அதை எண்ணத்தான் வேண்டும்.

ஏறுவரிசையில் எண் போட்டுத் திருத்தாதீர்கள். இதை நான் வருஷா வருஷம் சொல்கிறேன். பெரிய எண்ணை முதலில் போடுங்கள். 12, 3, 9, 4, 7 என்றால் இரண்டாவது எண்ணிலேயே பிழை தெரிந்துவிடும்.

கொட்டாஞ்சேனை, ஒரு தாய்: "மகன் தொடக்கத்துக்கு நீள்வட்டம் கீறாமல் இரண்டு பக்கமும் வளைந்த பெட்டி கீறினான் என்று புள்ளி குறைத்துவிட்டார்கள். நியாயமா?"

இல்லை, அம்மா. இரண்டும் ஏற்றுக்கொள்ளக்கூடியவை. கூர்மூலை உள்ள வெறும் செவ்வகத்துக்குள் 'தொடக்கம்' என்று எழுதியிருந்தால் மட்டும் நான் குறைப்பேன், அது செயலுக்கு உரிய வடிவம். கொப்பியை ஒருக்கால் திரும்பப் பாருங்கள், மூலை உண்மையிலேயே வளைந்திருக்கிறதா என்று.

ஓய்வுபெற்ற கணினிப் பகுப்பாய்வாளர்: "தம்பி, நாங்கள் பிளாஸ்ரிக் அச்சு வைத்துக் கீறிய காலத்தில் அம்புத்தலை கட்டாயமில்லை. கோடு மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். இப்போது அம்புத்தலை இல்லை என்று ஏன் பிள்ளைகளின் புள்ளியை வெட்டுகிறீர்கள்?"

பாதி உங்கள் பக்கம், ஐயா. கோட்டுப்படக் குறியீடுகளுக்கான 1985இன் ISO 5807 நியமமும் அந்தத் திசைகளைத்தான் வழமையாகக் கொள்கிறது. ஆனால் ஒரே படிகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் மீள்செயலில் ஒரு கோடு கீழிருந்து மேலே திரும்பும். அந்தக் கோட்டுக்குத் தலை இல்லையென்றால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? நேரே இறங்கும் கோட்டுக்கு நான் குறைப்பதில்லை, திரும்பும் கோட்டுக்குக் குறைப்பேன்.

வெள்ளவத்தை ஆசிரியை, மறுபடியும்: "சரி சேர், அந்தப் பிள்ளைக்கு 10க்கு எத்தனை போட?"

என் திட்டத்தில் 'இல்லை' வழி சேருமிடத்துக்கு 2 புள்ளி. அது போகும், மிச்சம் 8. எண்ணிக்கையைக் கூட்டுவதும் வெளியேறும் நிபந்தனையும் தம்மளவில் சரி. ஒரே பிழைக்கு இரண்டு இடத்தில் வெட்டுவதில்லை. உங்கள் பாடசாலைப் புள்ளித்திட்டம் வேறு சொன்னால் அதன்படி போடுங்கள்.

தெஹிவளை, மென்பொருள் நிறுவனத்தில் வேலை: "அண்ணா, ஓடாத படத்துக்கு 8ஆ? எங்கள் வேலையில் இப்படி ஒன்றை அனுப்பினால் அன்றைக்கே திருப்பி அனுப்புவார்கள்."

உங்களுக்குச் சம்பளம் தருகிறார்கள், தம்பி. இது பதினைந்து வயதுப் பிள்ளை, கையில் பென்சில், ஓட்டிப் பார்க்க இயந்திரம் இல்லை.

பக்கத்து மேசை மிஸ்: "அந்தத் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மீள்செயல் என்றால் அது முடிய வேண்டும். முடியாவிட்டால் அது மீள்செயலே இல்லை. நான் 6 போட்டேன்."

மிஸ், படம் ஏன் முடியவில்லை? நிபந்தனை பிழை என்பதாலா, ஒரு கோடு மூன்று பெட்டி தள்ளிச் சேர்ந்ததாலா? `count > 5` ஐ `count < 5` என்று எழுதிய பிள்ளையும் உங்கள் கட்டில் இருக்கும். அதன் படம் ஓர் எண்ணோடு முடிந்துவிடும். அதற்கும் 6 என்றால் இரண்டு பிள்ளைகளுக்கும் வித்தியாசம் என்ன?

மிஸ்: "அந்தப் பிள்ளைக்கும் 6தான். இரண்டும் பிழையான விடை."

சரி, உங்கள் கட்டு, உங்கள் பேனா. விடை தராத படத்துக்கு 8 போடும்போது எனக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் 6க்கு இறங்க மாட்டேன்.

பம்பலப்பிட்டி, மாணவன்: "சேர், max = 0 என்று தொடங்கியதற்கு 1 புள்ளி குறைத்தார்கள். ஏன்?"

-4, -2, -9, -1, -7 போட்டுப் பார். ஒன்றும் 0ஐ விடப் பெரிதில்லை. மற்றதெல்லாம் சரியான படம்கூட 0 என்று காட்டும், அந்த ஐந்தில் 0 இல்லவே இல்லை. முதல் எண்ணை வாசித்து அதையே max ஆக வைத்தால் தொல்லை இல்லை. வினாவில் 'நேர் எண்கள்' என்றிருந்தால் போய்க் கேள், புள்ளி திரும்பக் கிடைக்க வேண்டும்.

"அடிமட்டம் இல்லாமல் கீறினால் புள்ளி குறையுமா?"

குறையாது.

"தொடக்கத்துக்கு நீள்வட்டமா, வளைந்த பெட்டியா?"

கொட்டாஞ்சேனை அம்மாவுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

"முடிவுக்கும் அதே வடிவமா?"

அதேதான். தொடக்கத்துக்குள் கோடு வராது, முடிவிலிருந்து கோடு போகாது. வடிவத்தைப் பற்றி இனி ஒருவரும் கேட்க வேண்டாம், கோடுகளைப் பற்றிக் கேளுங்கள்.

மருதானை, கந்தோர் எழுதுவினைஞர்: "எங்கள் கந்தோரில் லீவு விண்ணப்பம் போகும் வழியைப் படமாகக் கீறியிருக்கிறேன். திருத்தித் தருவீர்களா?"

நான் திருத்துவது பிள்ளைகளின் படங்கள். உங்களுடையதை நிர்வாகம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒன்று மட்டும் கண்ணில் பட்டது: 'அனுமதியா?' என்ற சாய்சதுரத்திலிருந்து 'ஆம்' மட்டும்தான் போகிறது. லீவு கிடைக்காதவருக்கு வழியே இல்லை.

வெள்ளவத்தை ஆசிரியை: "சேர், 12ஐ முதலில் போட்டுக் கட்டு முழுக்கத் திரும்பப் பார்த்தேன். அதே பிழை இன்னும் மூன்று தாளில். நாலாவதில் 'இல்லை' கோடு எந்தப் பெட்டியிலும் முட்டாமல், count பெட்டிக்கும் வாசிப்புப் பெட்டிக்கும் நடுவில் நிற்கிறது. அம்புத்தலையும் இல்லை."

அதை ஊகித்துச் சரி போடாதீர்கள், பிழையும் போடாதீர்கள். தவணைப் பரீட்சைதானே, பிள்ளையைக் கூப்பிட்டு 12, 3 என்று இரண்டு எண் சொல்லுங்கள். 3 வந்ததும் விரல் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று பாருங்கள். வாசிப்புப் பெட்டிக்குப் போனால் 8. count பெட்டிக்குப் போனால் கோடு முடியாததற்கு 1 குறைத்து 9.