கருவாட்டுக் குழம்பைத் திருடியவன் எந்த சர்வரில் இருக்கிறான்?

கேள்வி: வேர்ட்பிரஸில் ஏழு வருடமாகச் சமையல் குறிப்புகள் எழுதுகிறேன். சில மாதங்களாக நான் பதிவு போட்ட அரைமணி நேரத்துக்குள் படத்தோடு அப்படியே இன்னொரு தளத்தில் வந்துவிடுகிறது. கூகுளில் தேடினால் சில சமயம் அவர்கள்தான் மேலே வருகிறார்கள். மெயில் போட்டால் பதில் இல்லை. ரைட் கிளிக்கை முடக்கியும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் அந்த ரைட் கிளிக் முடக்கத்தை எடுத்துவிடுங்கள். அரைமணி நேரத்தில் தவறாமல் ஒரு நகல் வருகிறதென்றால் அங்கே மனிதர் யாரும் உட்கார்ந்து காப்பி அடிக்கவில்லை. ஒரு நிரல், புதுப் பதிவுகளை நிரல்கள் படிக்கும் வடிவில் தரும் உங்கள் ஆர்.எஸ்.எஸ். ஓடையை அவ்வப்போது எட்டிப்பார்த்து, புதிதாக வந்ததை அள்ளிக்கொண்டு போகிறது. அதற்கு மவுஸே கிடையாது.

ஓடையை மூட வேண்டியதுதான். ஆனால் உடனே மூடாதீர்கள், அதை வைத்தே ஆளைப் பிடிக்கலாம். கீழே உள்ள நிரல்துண்டு, ஓடையை வந்து கேட்பவரின் ஐ.பி. எண்ணைப் பதிவின் அடியில் ஒட்டி அனுப்பும்.

```php
add_filter('the_content_feed', function ($c) {
  return $c . '<p>Ref: ' . $_SERVER['REMOTE_ADDR'] . '</p>';
});
```

தீமின் கோப்பைத் திறந்து இதைச் சேர்ப்பதைவிட, நிரல்துண்டுகளைச் சேர்ப்பதற்கென்றே உள்ள ப்ளகின் ஒன்றில் போடுங்கள். தவறு நேர்ந்தால் தளம் முழுக்க வெள்ளையாகிவிடாமல் இருக்கும். கேஷ் ப்ளகின் இருந்தால் ஓடைக்கு மட்டும் அதை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் வேறு யாரோ கேட்டபோது சேமித்த எண் திருடனுக்குப் போய்விடும். தளத்துக்கும் வாசகருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவை வழியாக உங்கள் தளமே ஓடினால், `REMOTE_ADDR` என்ற இடத்தில் `HTTP_CF_CONNECTING_IP` என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கருவாட்டுக் குழம்பு என்று ஒரு பதிவு போடுகிறீர்கள். அரைமணி கழித்து அந்தத் தளத்துக்குப் போய்ப் பதிவின் அடியைப் பாருங்கள். திருடியவனின் எண்ணை அவனே அச்சிட்டு வைத்திருப்பான். உதாரணத்துக்கு `203.0.113.45` என்று வைத்துக்கொள்வோம். இப்படி இரண்டு மூன்று பதிவுகளில் அதே எண் வந்தால் சந்தேகமில்லை. எண் எதுவும் தென்படாவிட்டால் அவன் ஓடையை விட்டுவிட்டு நேராகப் பக்கத்தைச் சுரண்டுகிறான் என்று பொருள். அப்போது சர்வரின் அக்சஸ் லாகில், பதிவு வெளியான அந்த அரைமணி நேரத்தில் வந்தவர்களைத் தேட வேண்டியிருக்கும்.

இந்த எண்ணுக்காக ஏன் இவ்வளவு பாடு என்றால், புகாரைச் சரியான வாசலில் கொடுத்தால்தான் கதவு திறக்கும். நான் முதன்முதலில் புகார் அனுப்பியது டொமைன் பெயரைப் பதிந்த நிறுவனத்துக்கு. மூன்று வாரம் காத்திருந்த பிறகு, "நாங்கள் பெயரைத்தான் விற்றோம், பக்கங்கள் எங்களிடம் இல்லை" என்று ஒரு வரி வந்தது. அவர்கள் சொன்னது சரிதான். நமக்கு வேண்டியவர் பக்கங்களைத் தன் கணினியில் வைத்திருக்கும் ஹோஸ்ட். திருட்டுத் தளங்கள் பல கிளவுட்ஃபிளேருக்குப் பின்னால் நிற்பதால், தளத்தின் பெயரை வைத்துத் தேடினால் கிளவுட்ஃபிளேரின் எண்தான் கிடைக்கும். ஆனால் சுரண்டும் நிரல் பெரும்பாலும் அந்தத் தளம் இருக்கும் அதே சர்வரில் ஓடும். அதனால் நம் பொறியில் விழுந்த எண் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருக்கும் உண்மையான ஹோஸ்டுடையது. அந்த எண் யாருடையது என்று கேட்கும் கட்டளை இது:

```
whois 203.0.113.45
```

விடையில் `OrgAbuseEmail` அல்லது `abuse-mailbox` என்ற வரியில் இருக்கும் முகவரிக்குத்தான் எழுத வேண்டும். எண் கிடைக்கவில்லையென்றால் கிளவுட்ஃபிளேரின் புகார்ப் படிவத்தில் கொடுங்கள். அவர்கள் பக்கத்தை நீக்க மாட்டார்கள், புகாரை ஹோஸ்டுக்கு அனுப்பிவைப்பார்கள். தளத்துக்காரருக்கும் அது போகலாம், ஆகவே வீட்டு முகவரி, சொந்த கைபேசி எண் விஷயத்தில் யோசித்து எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன் சாட்சியைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு பக்கங்களையும் `web.archive.org/save` என்ற இடத்தில் சேமித்துவிட்டால், நாளை அவன் தேதியை மாற்றினாலும் கவலையில்லை.

அமெரிக்க ஹோஸ்ட் என்றால் 1998ஆம் ஆண்டின் டி.எம்.சி.ஏ. என்ற காப்புரிமைச் சட்டப்படி புகார் எழுத வேண்டும். அதில் உங்கள் படைப்பு எது, நகல் எந்த முகவரியில் இருக்கிறது, உங்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதோடு இரண்டு உறுதிமொழிகள் இருந்தாக வேண்டும். இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புகிறேன் என்பது ஒன்று. தகவல்கள் சரியானவை என்பதும், பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டுச் சொல்கிறேன், நானே உரிமையாளர் என்பதும் மற்றது. கடைசியில் கையெழுத்து, பெயரைத் தட்டச்சு செய்தாலே போதும். காப்புரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமில்லை, எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது.

தமிழில் எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். புகாரைப் படிப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதி, இரண்டு பக்கங்களின் ஸ்க்ரீன்ஷாட்டையும் அருகருகே வைத்து, ஒரே மாதிரி இருக்கும் வரிகளைச் சிவப்புக் கோட்டால் சுற்றிக் காட்டுங்கள். தமிழ் முகவரிகளை `%E0%AE` என்று தொடங்கும் நீண்ட வடிவிலேயே ஒட்டுங்கள், மெயிலில் உடையாமல் போகும். முகப்புப் பக்கத்தைக் கொடுத்து "எல்லாமே என்னுடையது" என்றால் பிரயோஜனமில்லை. பதிவுக்குப் பதிவு, அசலும் நகலும் ஜோடியாக வர வேண்டும்.

சமையல் என்பதால் இன்னொன்று. கருவாடு இத்தனை, புளி இத்தனை என்ற வெறும் பட்டியலுக்குக் காப்புரிமை கிடையாது. ஆச்சி மண்சட்டியில் வைத்த கதை, செய்முறையை நீங்கள் சொல்லும் விதம், நீங்கள் எடுத்த படம், இவற்றுக்கு உண்டு. படத்தை முதலில் வையுங்கள். கேமராவில் இருக்கும் மூலக்கோப்பைவிடப் பலமான சாட்சி இல்லை, அதற்கு மொழியும் தேவையில்லை.

ஹோஸ்ட் இந்திய நிறுவனம் என்றால் 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப் பிரிவு 52(1)(சி), 2013ஆம் ஆண்டு விதிகளில் 75ஆவது விதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். புகாரில் திருப்தி அடைந்தால் 36 மணி நேரத்தில் முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் பக்கத்தைத் திரும்பத் திறந்துவிடலாம். அமெரிக்க முறையில் எதிராளி மறுப்பு அனுப்பினால்தான் சிக்கல். நீங்கள் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலைநாளில் பக்கம் திரும்ப வந்துவிடும். தானியங்கித் தளம் நடத்துகிறவர் தன் பெயர், முகவரியைக் கொடுத்து மறுப்பு எழுதுவது அபூர்வம்.

ஹோஸ்டின் பதிலுக்காகக் காத்திருக்காமல் அதே நாளில் `reportcontent.google.com` போய்த் தேடல் பிரிவில் காப்புரிமைப் புகாரையும் கொடுத்துவிடுங்கள். பிங்குக்குத் தனிப் படிவம் உண்டு. கூகுள் தன் தேடலிலிருந்துதான் எடுக்கும், பக்கம் அங்கேயே இருக்கும். நீங்கள் கொடுத்த முகவரிகள் மட்டுமே போகும். ஆனால் ஏற்கப்பட்ட புகார்கள் பெருகினால் அந்தத் தளமே தேடலில் கீழே இறங்க வாய்ப்புண்டு, 2012 முதல் கூகுள் அதையும் கணக்கில் எடுக்கிறது. ஆகவே இரண்டு பதிவோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் கொடுங்கள். உங்கள் புகாரின் பிரதி லூமன் என்ற பொதுத் தளத்தில் வெளியாகலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இதெல்லாம் அனுப்பிய பிறகு அந்த நிரல்துண்டை எடுத்துவிட்டு, வேர்ட்பிரஸின் `Settings > Reading` பக்கத்தில் ஓடைக்கு `Full text` என்றிருப்பதை `Excerpt` ஆக்குங்கள். பிடிபட்ட எண்ணை `.htaccess` கோப்பில் தடுக்கலாம்:

```
<RequireAll>
  Require all granted
  Require not ip 203.0.113.45
</RequireAll>
```

அவன் சர்வரை மாற்றினால் இது வேலை செய்யாது. அப்போது நிரல்துண்டைத் திரும்பப் போட்டு, ஓடையை ஒரு நாள் `Full text` ஆக்கினால் புது எண் தெரிந்துவிடும்.