வால்வுக்கு அப்புறமும் திரவம்தானா?

"ஃப்ரிட்ஜ் எப்படி இயங்குகிறது என்று காட்டும் படத்தில் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு முன்னும் பின்னும் திரவம்தானே, எப்படிக் குளிர்கிறது?"

பின்னால் இருப்பது வெறும் திரவம் இல்லைங்க. முதலில் கம்ப்ரசரையும் வால்வையும் இணைத்துப் படத்தில் ஒரு கோடு போடுங்கள். கண்டென்சர் பக்கம் முழுக்க உயர் அழுத்தம், எவாப்பரேட்டர் பக்கம் முழுக்கத் தாழ் அழுத்தம்.

வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் சுற்றும் R134a என்ற குளிர்பதனப் பொருளை எடுத்துக்கொள்வோம். கண்டென்சரிலிருந்து 40 டிகிரியில், சுமார் 10 பார் அழுத்தத்தில் திரவமாக வருகிறது. வால்வைத் தாண்டியதும் அழுத்தம் 1.3 பார். அந்த அழுத்தத்தில் அதன் கொதிநிலையே மைனஸ் 20 டிகிரி. அதனால் எடையில் பத்தில் நான்கு பங்கு அங்கேயே ஆவியாகிவிடும். அதற்கான வெப்பத்தை வெளியிலிருந்து வாங்குவதில்லை, மீதித் திரவத்திடமிருந்தே எடுக்கிறது. அதனால்தான் அது மைனஸ் 20-க்கு இறங்குகிறது. மிச்ச ஆறு பங்கு எவாப்பரேட்டரில் கொதிக்கும்போதுதான் உள்ளே இருக்கும் காய்கறியின் சூட்டை இழுக்கும்.